ஐந்து நாள் பொய்

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் பேசுவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். குடி கிடையாது, அடி கிடையாது, ஏசி மெக்கானிக் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே உள்ளே எந்த பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் எந்தக் காரியமானாலும் கடைசி நாள் வந்தால்தான் அவருக்குக் கை ஓடும். எங்கள் கல்யாணத்தன்று காலையில்தான் தையல்காரரிடமிருந்து மாப்பிள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு பொத்தான் இல்லை. அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் அவர் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெரிய தலைவர் மாதிரி நிற்பதற்கு அதுதான் காரணம்.

நான் பிஸ்கெட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கைபேசியை வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலையில் வலை, கையில் உறை, காலில் உறை. அங்கே நின்றுகொண்டு பில் கட்ட முடியாது. வீட்டுக்கு வந்தபின் சமையலும் மகளின் பாடமும் பிடித்துக்கொள்ளும். அதனால் பணம் கட்டுவது அவர் பொறுப்பு, அதை அவருக்கு ஞாபகப்படுத்துவது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அவர் கைபேசியில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். எந்த பில், எந்தத் தேதி, எத்தனை நாள் முன்னால் மணி அடிக்க வேண்டும் என்று போட்டுவிட்டால் அது பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மணி அடித்தால் போதாது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். வாடகைக்கு இரண்டு நாள் முன்னால் அடித்தால் போதும். பணம் அவர் கையில் இருக்கும் என்பது என் நினைப்பு, வீட்டுக்காரப் பெரியவர் கையில் நோட்டாகக் கேட்பார் என்பதால் ஏடிஎம்முக்குப் போய்வர மட்டும் நேரம் வேண்டும். கரண்ட் பில்லுக்கு ஒரு வாரம். ஒருமுறை மீட்டரை யாரோ தூக்கக் கலக்கத்தில் குறித்துக்கொண்டு போய், மூன்று குடும்பம் எரித்த கரண்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் எழுதி, ஆள் வந்து பார்த்து, பில்லை மாற்ற ஒரு வாரம் ஆனது. பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு மாதம். அது ஒரே சம்பளத்துக்குள் அடங்காது. என் கணக்கில் தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால்தான் உண்டு. அந்த மணி மட்டும் என் கைபேசியிலும் அடிக்கும். இன்சூரன்ஸுக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஒன்று, பதினைந்து நாள் முன்னால் ஒன்று, மூன்று நாள் முன்னால் ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி, அதனால் வந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். அது வேண்டாம் என்றுதான் மூன்று மணி.

இவ்வளவும் நேர்மையான வேலை. இதற்கு மேல் ஒரு வேலை செய்தேன். கட்ட வேண்டிய தேதியையே ஐந்து நாள் முன்னால் தள்ளிப் போட்டேன்.

வாடகை பத்தாம் தேதிக்குள் என்றால் ஆப்பில் ஐந்தாம் தேதி. கரண்ட் இருபது என்றால் பதினைந்து. ஆளைத் தெரிந்துதான் செய்தேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பத்து நிமிஷம் வேகமாக வைத்திருப்பவள் நான். கடைசி நாளில்தான் எழுந்திருப்பேன் என்கிற மனுஷருக்குக் கடைசி நாளை முன்னால் கொண்டுவந்து வைப்பதைத் தவிர வேறு என்ன வழி?

வேலை செய்தது. மூன்று வருஷமாக ஒரு அபராதம் கிடையாது. நான் அதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரப் பெரியவர் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் மாதிரி கடைசித் தேதியை மதிக்கிற ஆளை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். குத்திக் காட்டுகிறாரோ என்று முதலில் தோன்றியது. பிறகு வயசானவர், பாராட்டத் தெரியாமல் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். பெருமையில் இருப்பவளுக்குக் காது சரியாகக் கேட்காது.

இந்தச் சமயத்தில்தான் என் வயிறு.

மெடிக்கல் பாலிசி போட்ட நாலாவது மாதம் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. பாலிசி எடுத்துக்கொடுத்த என் சிநேகிதி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இந்த மாதிரி ஆபரேஷனுக்கெல்லாம் பாலிசி போட்டு இரண்டு வருஷம் முடிய வேண்டுமாம். நடுவில் விடாமல் கட்டிக்கொண்டே வர வேண்டுமாம். விட்டுவிட்டால் அந்த இரண்டு வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். சொந்தக் காசில் செய்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. "ரெண்டு வருஷம் மாத்திரையில ஓட்ட முடியுமா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "ஓட்டலாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாத்துக்கணும், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

கஷ்டம்தான். மாதத்தில் பத்து நாள் எனக்கு உடம்பே என்னுடையதாக இருக்காது. எட்டு மணி நேரம் நின்றே பார்க்கிற வேலை. கன்வேயரில் பிஸ்கெட் பாக்கெட் ஓடிக்கொண்டே இருக்கும், எனக்குத் தலை சுற்றிக்கொண்டே இருக்கும். கறுப்புப் பேன்ட்டைத் தவிர வேறு எதையும் உடுத்துவதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தால் என் மகள் சத்தம் போடாமல் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வயிற்றில் வைப்பாள். அவர் பாத்திரம் தேய்ப்பார். அந்த ஒரு வேலையை மட்டும் கடைசிவரைக்கும் தள்ளிப்போட மாட்டார். நான் முனகினால் அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும். அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம்.

இந்த வருஷம் பிரீமியம் கட்டிவிட்டால் இரண்டு வருஷம் முடிந்தது. கட்டின அடுத்த வாரமே ஆபரேஷன் என்று டாக்டரம்மா நாள் குறித்துவிட்டார். ஒருநாள் மாலை என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் அவர் கைபேசியை எடுத்து இன்சூரன்ஸ் தேதியைப் போட உட்கார்ந்தேன். பழக்கத்தில் ஐந்து நாளைக் கழித்துப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு கேட்கவில்லை. வாடகையில் பொய் சொல்லலாம், கரண்டில் சொல்லலாம். என் வயிற்றை அறுக்கப்போகிற விஷயத்தில் ஒரு பொய்த் தேதியை எழுதி வைக்கக் கை வரவில்லை. சகுனம் கிகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான். இருந்தாலும் அழித்துவிட்டு, பாலிசி தாளில் இருந்த தேதியை அப்படியே போட்டேன். உள்ளபடி போட்டதில் ஒரு நிம்மதி கூட வந்தது.

ஒன்றரை மாதம் முன்னால் மணி அடித்தது. "கேட்டுச்சா?" என்றேன். "கேட்டுச்சு சூப்பர்வைசரம்மா" என்றார். வீட்டிலும் அவர் எனக்குப் பதவி குறைப்பதில்லை. பதினைந்து நாள் முன்னால் அடித்தது. பணத்தை ஒதுக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். மூன்று நாள் முன்னால் அடித்தபோது அவர் ஏணி மேல் நின்று யார் வீட்டு ஏசியையோ கழுவிக்கொண்டிருந்திருப்பார். அன்றிரவு சாப்பிடும்போது, "இன்சூரன்ஸ் என்னாச்சுங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன், நீ நிம்மதியா சாப்பிடு" என்றார். நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய எச்சரிக்கைகள் எதுவும் எனக்கு வரவில்லை. பாலிசியில் இருந்தது என் பழைய நம்பர். ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்துகிறவளுக்கு அதை மாற்ற ஞாபகமில்லை.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் காகிதங்களைக் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போனேன். அவரும் கூடவே வந்தார். நன்றாகத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் பாலிசி நம்பரைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"மேடம், இந்த பாலிசி முந்தாநாளோட முடிஞ்சுபோச்சே. புதுப்பிக்கலையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இல்லம்மா, இன்னும் நாள் இருக்கு. வெள்ளிக்கிழமைதான் கடைசி. சரியாப் பாருங்க."

"இல்ல சார், முந்தாநாள்தான்."

"உங்க சிஸ்டத்துல தப்பா இருக்கும். எனக்குத் தெரியும். போன்ல முந்தாநாள்னு போட்டிருந்துது, அப்படின்னா வெள்ளிக்கிழமைன்னு அர்த்தம்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு வைத்தியம் என்று அவளுக்குக் குழப்பம் வந்திருக்கும்.

"முந்தாநாள்னு போட்டா எப்படிங்க வெள்ளிக்கிழமை ஆகும்?" என்றேன் நான். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பி, பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "நீதான் எல்லாத்துலயும் அஞ்சு நாள் முன்னாடி போடுவியே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமாத் தெரியும். மீட்டர் பெட்டியில பில்லைச் செருகி வச்சிருந்தாங்க. அதுல இருபது, போன்ல பதினஞ்சு. சரி, கரண்டுக்கு மட்டும்தானோன்னு கீழ்வீட்டுப் பெரியவரைக் கேட்டேன், பத்தாம் தேதிவரைக்கும் இருக்குன்னார். ஸ்கூல் நோட்டீஸைப் பாத்தேன், அதுவும் அஞ்சு நாள். போன வருஷம் இன்சூரன்ஸும் அஞ்சு நாள். அதனால நீ போடற தேதியோட அஞ்சைக் கூட்டிக் கட்டிடுவேன்."

மூன்று வருஷம்! நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த மூன்று வருஷமும் அவர் ஏமாந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாமே, அந்தப் பூனை நான்தான்.

"இந்தத் தடவை நான் நிஜத் தேதியைப் போட்டேங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. "என் உடம்பு விஷயமாச்சே, பொய் வேண்டாம்னு."

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. ஏணியிலிருந்து விழுகிறவர் முகத்தில்கூட கொஞ்சம் நம்பிக்கை இருக்கும்.

"அப்ப ரெண்டு வருஷம்?" என்றார் கவுன்ட்டர் பெண்ணைப் பார்த்து. "மறுபடி முதல்லேர்ந்தா? இவ இன்னும் ரெண்டு வருஷம் தாங்க மாட்டாம்மா. நான் பாக்கறேன்ல தினமும். தாங்க மாட்டா."

கூட்டத்தில், நாலு பேர் நடுவில், என்னைப் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பதறாதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். "முடிஞ்சப்புறம் முப்பது நாள் அவகாசம் குடுப்பாங்க. அதுக்குள்ள கட்டிட்டா பழைய ரெண்டு வருஷமும் கணக்குல அப்படியே இருக்கும். ஆனா கட்டற வரைக்கும் பாலிசி உயிரோட இல்ல. இந்த ரெண்டு நாள்ல ஏதாவது ஆகி அட்மிட் ஆகியிருந்தா ஒரு பைசா வந்திருக்காது. இன்னைக்கே கட்டிட்டு ரசீதைக் காட்டுங்க. காலையில சிஸ்டத்துல ஏறிடும், நான் அனுமதிக்கு அனுப்பறேன். இன்னைக்குக் கட்டலைன்னா ஆபரேஷன் நாள் தள்ளிப் போயிடும். அடுத்த நாள் எப்ப கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது."

எனக்கு மூச்சு திரும்பியது. தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறோம், ஆனால் வாலாவது கையில் இருக்கிறது. "கட்டுங்க" என்றேன் அவரைப் பார்த்து. "இப்பவே, இங்கேயே கட்டுங்க."

அவர் கைபேசியைக் கையில் எடுத்தார். எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"பாதிதான் இருக்கு" என்றார். "ஓட்டல்காரர் வெள்ளிக்கிழமை காலையில தரேன்னு சொல்லியிருக்கார். பன்னெண்டு ஏசி மாட்டின காசு. வெள்ளிக்கிழமைதானே கடைசின்னு..."

அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் ஓரமாக ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. திட்டுவதற்குத்தான் கூட்டிவந்தேன். ஆரம்பித்தும் விட்டேன். ஒதுக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னதென்ன, பார்த்துக்கிட்டேன் என்று சொன்னதென்ன, கடைசி நாள்வரைக்கும் சோம்பிக் கிடக்கிற இந்தப் புத்தி எப்போது மாறும், நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"சோம்பல் இல்லம்மா. உனக்கு ஒண்ணாம் தேதி வந்தா சம்பளம் வந்துடும். என் தொழில்ல எவன் சொன்ன தேதிக்குக் காசு குடுக்கறான்? வேலை முடிஞ்சதும் கும்பிடு போட்டு அனுப்பிடுவான். அப்புறம் நாலு தடவை நடக்கணும். உங்கிட்டச் சொன்னா, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு ஓவர்டைம் பாக்கப் போயிடுவே. அதான் சொல்லல. நீ எழுதின தேதிக்கும் நிஜத் தேதிக்கும் நடுவுல ஒரு அஞ்சு நாள் இருந்துது பாரு, அதுலதான் ஓடி ஓடி வசூல் பண்ணிட்டு வந்து கட்டுவேன். உண்மையைச் சொல்லணும்னா அந்த அஞ்சு நாள்லதான் நான் மூச்சே விட்டேன்."

நான் அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் நூல் பிரிந்திருந்தது. மூன்று வருஷமாக இவரை நான் சோம்பேறி என்று என் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இவர் ஒவ்வொரு மாதமும் வெயிலில் நாலு வாசல் ஏறி இறங்கி, நான் தெரியாமல் கொடுத்த ஐந்து நாளைச் செலவழித்து, என் பெருமைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுவதில் ஒரு சௌகரியம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் தேதியை மாத்தவே மாட்டேனே" என்றேன்.

"நீ மாத்தினதைச் சொல்லியிருந்தா நான் கடன் வாங்கியாவது கட்டியிருப்பேனே" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு பிரீமியம் கட்ட முடியாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து என் கைபேசியை எடுத்தேன்.

"மீதியை நான் போடறேன்."

"உங்கிட்ட ஏது?"

"ஸ்கூல் பீஸ் கணக்குல இருக்கு. போன வாரம் மணி அடிச்சதும் சேத்ததோட மீதியையும் போட்டு வச்சிட்டேன்."

"அது பொண்ணோட பீஸும்மா!"

"அதைக் கட்ட இன்னும் மூணு வாரம் இருக்கு. வெள்ளிக்கிழமை ஓட்டல்காரர் குடுத்ததும் திருப்பி வச்சிடலாம். அவர் ஒரு வாரம் இழுத்தாக்கூட பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நிஜமான மூணு வாரமா, உன்னோட மூணு வாரமா?"

"என்னோட மூணு வாரம்" என்றேன். "நிஜத்துல மூணு வாரமும் அஞ்சு நாளும்."

அப்போதுதான் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு வலித்தது. பக்கத்தில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர், இவர்களுக்கு நல்ல ரிப்போர்ட் வந்திருக்கிறது போல என்று நினைத்திருப்பார்.

பீஸ் கட்ட ஒரு மாதம் இருக்கும்போதே அடித்த மணியால் சேர்ந்த பணம், மூன்று மணி அடித்தும் கட்டாத பிரீமியத்தைக் கட்டியது. நான் அவருக்கு அனுப்ப, அவர் கம்பெனிக்குக் கட்ட, ரசீது வந்தது. பழைய நம்பரை மாற்றச் சொல்லி அங்கேயே எழுதியும் கொடுத்தேன். கவுன்ட்டர் பெண் ரசீதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் ஒரு ரிமைண்டர் வச்சுக்கோங்க மேடம்" என்றாள். நான் ரசீதை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் பாலிசி சிஸ்டத்தில் ஏறியது. இரண்டு நாளில் அனுமதியும் வந்துவிட்டது. ஓட்டல்காரர் வெள்ளிக்கிழமை தரவில்லை, ஞாயிற்றுக்கிழமை தந்தார். பீஸ் பணம் பத்திரமாக இடத்துக்குத் திரும்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து எல்லாத் தேதிகளையும் புதிதாகப் போட்டோம். நான் தாளைப் பார்த்துப் படிக்க, அவர் தட்டினார். எல்லாம் நிஜத் தேதி. வாடகைக்கு மணி இரண்டு நாள் முன்னால் அடித்தது இனி ஒரு வாரம் முன்னால் அடிக்கும். வசூலுக்கு நடக்க அவருக்கு நாள் வேண்டுமே. கரண்டுக்குப் பன்னிரண்டு நாள். பில் வந்த கையோடு மீட்டரையும் பார்த்துவிடலாம். பீஸ் மணி பழையபடி ஒரு மாதம், இரண்டு பேர் கைபேசியிலும். இன்சூரன்ஸுக்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்கி வாரம் ஒன்று, கடைசி வாரம் தினம் ஒன்று. பணம் கட்டி ரசீது வந்தபிறகுதான் அதை நிறுத்தலாம். தேதியைப் பொய்யாக்காமல் மணியை முன்னால் நகர்த்தினாலே அந்த ஐந்து நாள் கிடைத்துவிடும் என்பது இவ்வளவு பட்ட பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. "இனிமே நமக்குள்ள கூட்டல் கழித்தல் கிடையாது" என்றார் அவர். "சத்தியமா கிடையாது" என்றேன் நான். மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப அதையும் சரி பண்ணிடலாமாம்மா?" என்றாள். அது மட்டும் இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். இரண்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் அப்போது கீழே வண்டியை நிறுத்தப் போயிருந்தார். என்னைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகும்போது லிஃப்ட் வரைக்கும் கூடவே நடந்துவந்தார். என் செருப்பைக் கையில் வைத்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. லிஃப்ட் கதவு மூடியது. எனக்கு என்னைவிட அவரை நினைத்துத்தான் பயம் வந்தது. இரண்டு மணி நேரம் என்று சொல்லி, அதற்கு மேல் பத்து நிமிஷம் ஆனாலும் இந்த மனுஷர் கதவை உடைத்துவிடுவார்.

நர்ஸைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "எங்க வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் ஆகும்னு கேப்பார். நாலு மணி நேரம்னு சொல்லிடுங்க" என்றேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். கட்டி பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், பிரித்து எடுக்க நேரமாகிவிட்டதாம். இரண்டு மணி நேர வேலை மூன்றரை மணி நேரம் ஆனதாம்.

நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "பயந்துட்டீங்களா?" என்றேன்.

"இல்லையே. நாலு மணி நேரம்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்களே" என்றார். என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "சொன்ன விதத்துலயே தெரிஞ்சுபோச்சு, இது சூப்பர்வைசரம்மா போட்ட தேதின்னு."

நான் மாட்டிக்கொண்டேன். சத்தியம் பண்ணி ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. "அப்ப கழிச்சீங்களா?"

தலையை ஆட்டினார். அவர் கண் சிவந்திருந்தது.

"இந்தத் தடவை கழிக்கல" என்றார். "கழிச்சிருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல என்னால அங்க உக்காந்திருக்க முடிஞ்சிருக்காது. நீ குடுத்ததை அப்படியே வச்சிக்கிட்டேன்."

தையல் இழுக்கும் என்று அழுகையை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். அந்த நேரத்தில் சட்டைப் பையில் அவர் கைபேசி மணி அடித்தது. வாடகை. நிஜத் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.